பில் பாஸ், பணம் ஃபெயில்: வெண்டார்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை முடிந்து, பில் கொடுத்து, அந்த பில் பாஸும் ஆன பிறகு பணம் மட்டும் வராமல் இருப்பது தானாக நடக்கிற காரியமில்லை. அதற்கு வெண்டார் கொஞ்சம் பாடுபட வேண்டும், பர்ச்சேஸ்காரர்களும் கை கொடுக்க வேண்டும். தொழிற்சாலை ஒன்றின் அக்கவுண்ட்ஸ் பேயபிள் மேசையில், அதாவது வந்த பில்லுக்குப் பணம் அனுப்புகிற மேசையில், உட்கார்ந்திருப்பவள் நான். அந்தப் பாட்டை முறையாகப் படுவது எப்படி என்பதை, பேமென்ட் ரன் ஓடாத நேரமாகப் பார்த்து எழுதித் தருகிறேன்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்பவர், தனி ஆளாக நடத்தும் தொழில். ஒரகடம் பக்கம் உள்ள தொழிற்சாலை ஒன்றில் கம்ப்ரஸரைப் பிரித்து ஓவர்ஹால் செய்து கொடுத்திருக்கிறார். சர்வீஸ் சார்ஜ் 1,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 18,000, மொத்தம் 1,18,000. ஒப்பந்த வேலைக்கான டிடிஎஸ், தனிநபர் என்பதால் 1 சதவீதம், ஜிஎஸ்டி போடுவதற்கு முந்தைய தொகையில் பிடிப்பார்கள். அது 1,000 ரூபாய். ஆக அவர் கைக்கு வரவேண்டியது 1,17,000. இந்த 1,17,000 ரூபாயை எங்கள் கஜானாவிலேயே பத்திரமாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் பாடம்.

பிஓ வந்துவிட்டதா, ஸ்பானரை எடுங்கள்

பர்ச்சேஸ் ஆர்டர் கையில் வந்ததும் "நம்மைச் சேர்த்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டிவிட வேண்டும். இது மிக முக்கியம். ஆர்டரில் ஒரு வெண்டார் கோடு அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தும் சந்தேகப்படுகிறவருக்கு இந்த வழிகாட்டி பயன்படாது.

உள்ளே நடப்பது இதுதான். எஸ்ஏபி போன்ற சிஸ்டத்தில் ஒரு வெண்டாரின் பதிவு மூன்று பகுதியாக இருக்கும். பெயர், முகவரி, வரி எண்கள், வங்கிக் கணக்கு எல்லாம் பொதுப் பகுதி. ஆர்டர் போடத் தேவையான விவரங்கள் பர்ச்சேஸ் பகுதி. எந்தக் கணக்குத் தலைப்பில் பதிய வேண்டும், எத்தனை நாளில் பணம் தர வேண்டும், எவ்வளவு டிடிஎஸ், செக்கா நெஃப்ட்டா என்பதெல்லாம் அக்கவுண்ட்ஸ் பகுதி. ஆர்டர் அச்சாக முதல் இரண்டும் இருந்தால் போதும். பணம் போக மூன்றாவது முழுசாக இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது, ஆனால் கடை மெஷினில் கைரேகை பதியவில்லை என்கிற நிலைமை.

கம்ப்ரஸர் நின்றுபோனால் லைன் நிற்கும். லைன் நின்றால் பிளான்ட் ஹெட் பர்ச்சேஸ் மேனேஜரின் நாற்காலிக்கே வந்து நிற்பார். பர்ச்சேஸ் மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்து "கோடு மட்டும் ஓப்பன் பண்ணிக் குடுங்க, டாக்குமென்ட் பின்னாடியே வருது" என்பார். இந்த "பின்னாடியே" எவ்வளவு தூரம் பின்னாடி என்று யாரும் கேட்பதில்லை. அக்கவுண்ட்ஸ் பகுதியைத் தற்காலிகமாகத் திறந்து கொடுப்போம். ஆனால் வங்கி விவரம் சரிபார்க்கப்படாததால் பேமென்ட் மெத்தட் என்ற கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுவிடுவோம். பில் பதியலாம், பணம் மட்டும் போகாது. காலியாக விட்ட அந்த ஒற்றைக் கட்டம்தான் பிற்பாடு பெரிய வில்லன் ஆகப்போகிறது. வெண்டாரிடம் இதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. எனக்குத் தெரிந்து யாரும் விட்டதும் இல்லை.

அழைப்பு மெயிலை யாரும் பார்க்காமல் பாதுகாப்பது

இப்போது எல்லா பெரிய கம்பெனிக்கும் வெண்டார் போர்ட்டல் உண்டு. அதிலிருந்து உங்களுக்கு ஒரு அழைப்பு மெயில் வரும். அதற்குள் இருக்கும் லிங்க்கைத் தட்டி, விவரங்களை நிரப்பி, ஆவணங்களை ஏற்றிச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த லிங்க் சில நாளில் காலாவதியாகும்.

நம் கம்ப்ரஸர்காரர் இதில் கெட்டிக்காரர். கொட்டேஷன் தாளின் தலையில் அச்சிட்டிருந்த இமெயில், பல வருடம் முன்பு பிரவுசிங் சென்டர்காரர் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டும் அவரிடமே இருந்தது. சென்டர் இப்போது ஜூஸ் கடை. போர்ட்டல் அந்த முகவரிக்கு ஒழுங்காக அழைப்பு அனுப்பியது, நினைவூட்டலும் அனுப்பியது. எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேரே `Invited` என்றே நின்றது. அதைப் பார்த்து நாங்கள் வெண்டார் இன்னும் நிரப்பவில்லை என்று எண்ணிக்கொண்டோம். கம்பெனி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். இரு தரப்பும் மனநிம்மதியோடு இருந்த காலம் அது.

தொடர்புக்கான கைப்பேசி எண்ணாக, வேலையை விட்டுப் போன பையனின் எண்ணைக் கொடுத்துவைத்தால் இன்னும் சிறப்பு. ஓடிபி அவனுக்குப் போகும்.

ஆவணங்களை ஏற்றும் முறை

ஒருவழியாக பர்ச்சேஸ்காரர் வாட்ஸ்அப்பில் புது லிங்க்கை அனுப்பி, நீங்கள் போர்ட்டலுக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேயும் வாய்ப்புகள் இருக்கின்றன.

முதலில் பெயர். தனி ஆள் தொழிலுக்கென்று தனி பான் கிடையாது. உரிமையாளரின் பான்தான் தொழிலுக்கும். அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள், தனிநபர் என்றால் P இருக்கும், கம்பெனி என்றால் C, பார்ட்னர்ஷிப் என்றால் F. ஜிஎஸ்டி சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும். சட்டப் பெயர் என்ற இடத்தில் உரிமையாளர் பெயர், வணிகப் பெயர் என்ற இடத்தில் போர்டில் எழுதிய பெயர். கரன்ட் அக்கவுண்ட் பெரும்பாலும் போர்டு பெயரில் இருக்கும். ஆகவே போர்ட்டலில் சட்டப் பெயர் கேட்கிற இடத்தில் போர்டில் எழுதிய "எண்டர்பிரைசஸ்" பெயரைப் போட்டுவிட வேண்டும். பான் ஓர் ஆளைக் காட்டும், படிவம் ஒரு கடையைக் காட்டும், சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். தொழில் வகை கேட்கிற இடத்தில் "பிரைவேட் லிமிடெட்" என்று தேர்ந்தெடுத்தால் கௌரவமாகவும் இருக்கும், நிராகரிப்பும் உறுதி.

ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகத் தட்டுவது அவ்வளவு சுலபமில்லை. 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான்தான். கடைசி இடம் முன்னால் உள்ளவற்றைச் சரிபார்க்கும் எழுத்தோ எண்ணோ. அதனால் ஏனோதானோ என்று அடித்தால் மெஷினே பிடித்துவிடும். அங்கே நேரத்தை வீணாக்காமல் கேன்சல்டு செக்குக்கு வாருங்கள்.

கேன்சல்டு செக்கில் எங்களுக்குத் தேவையானவை மூன்று: அச்சிட்ட பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. நம்மவர் ஏற்றிய படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோணலாக எடுத்த புகைப்படம், கிளைப் பெயர் இருந்த மூலையில் ஒரு கட்டைவிரல். CANCELLED என்று தடித்த மார்க்கரில், நிதானமாக, கணக்கு எண்ணின் மேலேயே எழுதியிருந்தார். அது பெயர் அச்சிடாத செக் புத்தகம் வேறு, கணக்கு யாருடையது என்பதற்கு அந்தத் தாளில் எந்தத் தடயமும் இல்லை. அப்படிப்பட்ட செக்தான் இருக்கிறதென்றால் பாஸ்புக்கின் முதல் பக்கமோ, ஸ்டேட்மென்ட்டின் தலைப்பகுதியோ, வங்கிக் கடிதமோ கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம். நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது தடவை வேறு ஒரு செக் ஏற்றினார். அது தெளிவாக இருந்தது. பெயரும் அச்சாகியிருந்தது. ஆனால் அது லக்ஷ்மி விலாஸ் வங்கியின் பழைய தாள். கரூரில் 1926-ல் தொடங்கிய அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஐஎஃப்எஸ்சியின் 11 இடங்களில் முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும். LAVB என்று தொடங்கும் குறியீடு எங்கள் வங்கிப் பட்டியலில் இப்போது இல்லை, அடித்தால் திரை ஏற்காது. அலகாபாத் வங்கி, சிண்டிகேட், ஆந்திரா வங்கி என்று 2020 ஏப்ரலில் பெரிய வங்கிகளோடு கலந்தவற்றின் பழைய செக் புத்தகங்களும் பீரோவில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். இந்தக் காரியத்துக்கு அவற்றைவிட உதவுவது எதுவுமில்லை.

"ஒரு செக்குக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெஃப்ட்டில் பணத்தை வரவு வைப்பது கணக்கு எண்ணை வைத்து, பெயரை வைத்து அல்ல. ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறு யாருக்கோ கணக்கு இருந்துவிட்டால் பணம் அவரிடம் போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லாத எண் என்றால் திரும்பி வந்துவிடும். உள்ள எண் என்றால்தான் வினை. அதனால்தான் பல கம்பெனிகளில் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கி திருப்பிச் சொல்லும் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தை நிரப்புகிறார்கள். உங்கள் கணக்கில் தெரியாத கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய் வந்தால் அது நல்ல சகுனம்.

பானைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலையிலிருந்து செயலற்றதாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்ட பானுக்கு டிடிஎஸ் 1 சதவீதம் அல்ல, 20 சதவீதம். நம்மவர் கணக்கில் பிடித்தம் 1,000 என்பது 20,000 ஆகி, கைக்கு வருவது 98,000 ஆகிவிடும். பணமே வராமல் இருப்பதற்கு அடுத்தபடியாகச் சிறந்தது இது.

ரிஜெக்ட் என்ற சொல் கேட்டதும் புது பில் போடுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நாள்கணக்கில் தாமதம் தருபவை. மாதக்கணக்கில் வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

நம்மவர் பில் தேதி பிப்ரவரி 5. வேலை சரியாக முடிந்ததென்று பிளான்ட்டில் ஒப்புக்கொண்டது 10-ஆம் தேதி. பில் பதிவாயிற்று, டிடிஎஸ் பிடித்தாயிற்று. வாராந்திர பேமென்ட் ரன்னுக்காக `F110` திறந்து புரொபோசல் ஓட்டினால், போக வேண்டிய பில்கள் ஒரு பட்டியலாகவும், போக முடியாதவை எக்செப்ஷன் என்று தனியாகவும் வரும். அவர் பில் இரண்டாவது பட்டியலில், இந்த வாசகத்தோடு:

```
No valid payment method found
```

இதில் பில்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பில் சரி, தொகை சரி, வரி சரி. வெண்டார் பதிவில் காலியாக விட்ட அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்தி எங்கள் மேசையிலிருந்து கிளம்பி பர்ச்சேஸ் வழியாக, பிளான்ட் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் வழியாக அம்பத்தூர் போய்ச் சேரும்போது, "சார், உங்க பில்லு ரிஜெக்ட் ஆயிடுச்சாம்" என்று ஆகியிருக்கும்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு, மறைப்பானேன். நாங்கள் போர்ட்டலிலிருந்து அனுப்புகிற நிராகரிப்பு மெயிலில் "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்ற வரிதான் இருக்கும். எந்த ஆவணம், என்ன குறை என்று எழுதுவதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டி காலியாக இருந்தால் மெயில் போகாது.

சரி, "ரிஜெக்ட்" என்று கேட்டதும் பில் புத்தகத்தை எடுத்து, புது எண், புது தேதி போட்டு, பிப்ரவரி 20 என்று இன்னொரு 1,18,000 ரூபாய் பில்லைக் கொடுத்துவிட வேண்டும். இதனால் வரும் பலன்களைக் கேளுங்கள். ஒரே பில் இரண்டாம் தடவை வந்தால் சிஸ்டம் எச்சரிக்கும். ஆனால் அது பார்ப்பது வெண்டார், பில் எண், தேதி, தொகை போன்றவற்றை. எண்ணும் தேதியும் மாறிவிட்டதால் இது இன்னொரு வேலைக்கான பில் போலவே உள்ளே நுழையும். அடுத்த வாரம் ஆவணங்கள் சரியாகி, காலிக் கட்டத்தை நிரப்பும் தறுவாயில் யாராவது இரண்டு பில்லையும் பார்த்துவிடுவார்கள். "ஒரு ஓவர்ஹாலா, ரெண்டா?" என்று பிளான்ட்டுக்கு மெயில் போகும். பதில் வருகிறவரை இரண்டுக்கும் பேமென்ட் பிளாக். சரியான பில்லும் கெட்டது.

அதோடு முடியவில்லை. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவரானால், பிப்ரவரி பில்களை மார்ச் 11-க்குள் காட்டியாக வேண்டும். உங்கள் கணக்குப்பிள்ளை பாவம், புத்தகத்தில் இருக்கிற இரண்டு பில்லையும் காட்டிவிடுவார். செய்தது ஒரு வேலை, வரி 18,000 அல்ல, 36,000. அதைச் சரிசெய்ய இரண்டாவது பில்லுக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும், நாங்களும் எங்கள் பக்கம் மாற்ற வேண்டும். வராத பணத்துக்கு இரண்டு தடவை வரி கட்டிய பெருமை உங்களுக்குச் சேரும்.

இவ்வளவையும் கெடுக்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: "ரிஜெக்ட் ஆனது பில்லா, பேமென்ட்டா?" தப்பித்தவறிக்கூட இதைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பேமென்ட் என்று பதில் வரும், எந்தக் கட்டம் காலி என்ற அடுத்த கேள்வி வரும், அன்று சாயங்காலமே வேலை முடிந்துவிடும்.

நட்சத்திரம் இல்லாத கட்டத்தைத் தாண்டிச் செல்லுங்கள்

போர்ட்டலில் கட்டாயமான கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். உத்யம் பதிவுச் சான்றிதழ் கேட்கும் கட்டத்துக்கு எங்கள் போர்ட்டலில் நட்சத்திரம் கிடையாது. கட்டாயமில்லை என்றால் எதற்கு வம்பு என்று நம்மவர் தாண்டிவிட்டார். சான்றிதழ் கடையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது, அது வேறு விஷயம். பதிவு இலவசம், அரசு தளத்தில் 2020 ஜூலையிலிருந்து நடக்கிறது.

அந்தத் தாளுக்குத்தான் எங்கள் மேசை பயப்படும். குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தருவதற்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் கெடு வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் 45-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. கெடு ஓடத் தொடங்குவது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஆன்போர்டிங் முடிந்த நாளிலிருந்து அல்ல. எங்கள் போர்ட்டலில் உங்கள் பெயருக்கு நேரே என்ன நிலை காட்டுகிறது என்பதைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறையில்லை.

நம்மவரின் ஆர்டரில் 45 நாள் என்று எழுதியிருந்தது. பிப்ரவரி 10-லிருந்து எண்ணினால் மார்ச் 27. அதைத் தாண்டி மார்ச் 31 அன்றும் கொடுக்காமல் இருந்தால், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த, ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்கிற விதி வந்து நிற்கும். அந்த 1,00,000 ரூபாயை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கிற ஆண்டில்தான் காட்ட முடியும். 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து அது சுமார் 25,000 ரூபாய் வரியை ஒரு வருடம் முன்னதாகக் கட்டுவதாகும். ஒரு பில்லுக்கு இது. இப்படி நூறு பில் சேர்ந்தால் சிஎஃப்ஓ தானே மாடி இறங்கி வருவார்.

அதனால் மார்ச் மூன்றாம் வாரத்தில் எங்கள் மேசையில் ஒரு பட்டியல் எடுப்போம், எம்எஸ்எம்இ என்று குறியிட்ட வெண்டார்களின் பாக்கி மட்டும். அதில் இருக்கிறவருக்கு வங்கி விவரம் குறைகிறதென்றால் நாங்களே போன் போடுவோம். நாங்களே எந்தத் தாள் என்று சொல்லுவோம். கட்டைவிரல் இல்லாமல் படம் எடுப்பது எப்படி என்றுகூடச் சொல்லித் தருவோம். அந்தக் குறியீடு உத்யம் சான்றிதழைப் பார்த்துத்தான் விழும். நம்மவர் அதை ஏற்றாததால் பட்டியலில் இல்லை, போனும் போகவில்லை. மார்ச் முழுக்க எங்கள் திரையில் அவர் ஒரு சாதாரண எக்செப்ஷன்.

வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் 43பி(எச்) பலன் இல்லை, அவர்கள் வழக்கம்போல வரிசையில் நிற்கலாம். மற்றவர்கள் இதற்கென்றே உள்ள அரசு தளத்தில் புகார் பதியலாம் என்பதையும், உத்யம் எண்ணை பில்லின் தலையிலேயே அச்சிடலாம் என்பதையும் உங்களிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ரன்னுக்கு முந்தின சாயங்காலம் வங்கிக் கணக்கை மாற்றுங்கள்

எல்லாம் சரியாகி, கட்டம் நிரம்பி, நாளை பணம் போகப்போகிறது என்ற நிலையில் கைவிட்டுவிடாதீர்கள். கடைசி அஸ்திரம் இருக்கிறது. "அந்த அக்கவுண்ட்ல ஓடி லிமிட் பிரச்சினை, இந்த அக்கவுண்ட்டுக்குப் போட்டுடுங்க" என்று சாயங்காலம் வேறொரு இமெயிலிலிருந்து ஒரு வரி அனுப்புங்கள். மனைவி பெயரில் உள்ள சேவிங்ஸ் கணக்காக இருந்தால் உத்தமம். பில் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் பெயரில் என்று நாங்கள் போட மாட்டோம்.

இப்படி ஒரு மெயில் வந்ததும் எங்கள் மேசையில் எல்லோருக்கும் ரத்தம் உறையும். காரணம், மோசடிக்காரர்கள் அனுப்புகிற மெயிலும் எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் இருக்கும். வெண்டாரின் இமெயிலுக்குள் புகுந்து, பழைய பில்லைப் பார்த்து, அவசரம் என்று எழுதி, கணக்கு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஆகவே மெயிலில் உள்ள எண்ணுக்கு நாங்கள் போன் செய்ய மாட்டோம். எங்கள் பதிவில் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்குத்தான் செய்வோம். ஒருவர் மாற்றுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அதுவரை உங்கள் கோடு முழுவதற்கும் பிளாக், பழைய பில்களுக்கும் சேர்த்து. நம்மவர் பதிவில் இருந்த எண் யாருடையது என்று நினைவிருக்கிறதல்லவா? அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். "அண்ணன் அக்கவுண்ட்டா? எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றான், மரியாதையாக.

போனில் பேசும் முறை

தினமும் காலையில் கூப்பிடுங்கள். பில் எண்ணோ வெண்டார் கோடோ சொல்லாமல் "மேடம், நம்ம பேமென்ட் என்னாச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பிளான்ட்டில் தெரிந்தவரை விட்டு எங்கள் மேனேஜரிடம் பேசச் சொல்லுங்கள், மேனேஜர் என்னிடம் கேட்பார், நான் பர்ச்சேஸிடம் கேட்பேன், பர்ச்சேஸ் உங்களுக்கே போன் செய்து "ஏதோ டாக்குமென்ட் பெண்டிங்காம்" என்று சொல்லும்.

நேரே எங்களுக்கு எழுதி, கோடு இது, பில் எண் இது, என் பதிவில் பேமென்ட் மெத்தட், வங்கி, பான், எம்எஸ்எம்இ குறி இந்த நான்கில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மெயிலில் பதில் போய்விடும், அடுத்த ரன்னில் பணமும் போய்விடும். அவர்களால் இந்த வழிகாட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒருவேளை பணம் வந்துவிட்டால்

நம் கம்ப்ரஸர்காரருக்குக் கடைசியில் வந்துவிட்டது. அவரே ஒரு நாள் பாஸ்புக், பான், ஜிஎஸ்டி சான்றிதழ், ஃபிரேமிலிருந்து கழற்றிய உத்யம் சான்றிதழ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது பில்லுக்குக் கிரெடிட் நோட்டும் கொண்டுவந்திருந்தார். இப்படி வருகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது. கட்டத்தை நிரப்பினோம், ரன் ஓட்டினோம், 1,17,000 போய்ச் சேர்ந்தது.

மனம் தளர வேண்டாம். எங்கள் குழுமத்தில் இன்னொரு கம்பெனி இருக்கிறது, அதே வளாகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். அங்கேயும் கம்ப்ரஸர் இருக்கிறது, அவர் வேலையைப் பார்த்துவிட்டு அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். வெண்டார் கோடு அதே எண்தான், ஆர்டரிலும் அதேதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் அக்கவுண்ட்ஸ் பகுதி ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி. அந்தக் கம்பெனியின் பெயரில் அது இன்னும் திறக்கப்படவில்லை. நேற்று போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "நம்ம கோடுதான் இருக்கே மேடம், வேலையை ஆரம்பிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.